ரயிலின் நீளம் எங்கே போய்ச் சேர்கிறது?

ஏழாம் வகுப்பு மாணவியின் தாய் ஒருவர் தம் மகளின் கணக்குப் பயிற்சித்தாளை அனுப்பி, விடை ஏன் தவறென்று கேட்டிருந்தார். 540 மீட்டர் நீளமுள்ள ரயில் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில், 1507 மீட்டர் நீளமுள்ள நடைமேடையைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது கேள்வி. இந்த 1507 மீட்டர் கற்பனை எண் அன்று. 2023-இல் திறக்கப்பட்ட கர்நாடகத்தின் ஹூப்ளி ரயில் நிலைய நடைமேடையின் நீளம் அதுதான். அந்தப் பெண் எழுதிய விடை 75.35 வினாடி. ஆசிரியர் அதை அடித்துவிட்டு 102.35 என்று எழுதியிருக்கிறார்.

முதலில் அலகை மாற்றிக்கொள்வோம். மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது 3600 வினாடியில் 72,000 மீட்டர், அதாவது வினாடிக்கு 20 மீட்டர். 1507-ஐ 20-ஆல் வகுத்தால் 75.35 கிடைக்கிறது, வகுத்தலில் பிழையில்லை. அப்படியானால் அந்த எண் எதனுடைய நேரம்?

ரயிலின் முகப்பு நடைமேடையின் தொடக்கத்தைத் தொட்டதும் கடத்தல் தொடங்குகிறது; கடைசிப் பெட்டியின் பின்முனை மறுகோடியை விட்டு விலகும்போதுதான் முடிகிறது. இப்போது கடைசிப் பெட்டியின் பின்முனையை மட்டும் கவனியுங்கள். தொடக்கத்தில் அது நடைமேடைக்கு 540 மீட்டர் பின்னால் இருக்கிறது. அந்த 540 மீட்டரையும், பிறகு நடைமேடையின் 1507 மீட்டரையும் அது ஓடித் தீர்க்க வேண்டும். மொத்தம் 2047 மீட்டர், நேரம் 102.35 வினாடி. "ரயிலின் நீளத்தையும் நடைமேடையின் நீளத்தையும் கூட்டு" என்று விதியாக மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் தேர்வறையில் அதை மறந்துவிடுகிறார்கள். பின்முனையோடு சேர்ந்து ஓடிப் பார்த்தவர்களுக்கு மறப்பதற்கு விதி எதுவும் இல்லை.

ஆயினும் 75.35 என்பது பொருளற்ற எண் அன்று. ரயிலுக்குள் ஜன்னலோரம் அமர்ந்திருக்கும் பயணி, நடைமேடையின் தொடக்கம் தன் ஜன்னலைத் தாண்டிய நொடியிலிருந்து அதன் முடிவு தாண்டும் வரை ஸ்டாப்வாட்ச்சில் அளந்தால், அவருக்குக் கிடைப்பது துல்லியமாக 75.35 வினாடிதான். அவர் முதல் பெட்டியில் இருந்தாலும் கடைசிப் பெட்டியில் இருந்தாலும் அந்த அளவு மாறாது. ஏனெனில் ஒரு ஜன்னல் என்பது ஒரு புள்ளி, அதற்கு நீளமில்லை. வெளியே நின்று முழு ரயிலையும் பார்ப்பவருக்கு 27 வினாடி கூடுதலாகிறது. அந்த 27 வினாடி, 540 மீட்டர் ரயில் ஒரு மின்கம்பத்தைக் கடக்க எடுக்கும் நேரமேதான். ஆகவே கம்பத்தைக் கடக்க 27 வினாடி, 1507 மீட்டர் நடைமேடையைக் கடக்க 102.35 வினாடி என்று மட்டும் கொடுத்து ரயிலின் நீளத்தைக் கேட்டாலும் திகைக்க வேண்டியதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் எஞ்சும் 75.35 வினாடி நடைமேடைக்கு மட்டுமே உரியது. 1507-ஐ அந்த 75.35-ஆல் வகுத்தால் வேகமும், வேகத்தை 27-ஆல் பெருக்கினால் ரயிலின் நீளமும் வந்துவிடும்.

அந்த மாணவியின் பிழை, ஒரு தூரத்திற்கு உரிய நேரத்தை வேறொரு தூரத்தோடு சேர்த்துவிட்டதுதான். சராசரி வேகக் கணக்கில் இதே பிழை இன்னும் நயமாக ஒளிந்திருக்கிறது. 120 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போய், 40 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் சராசரி 50 என்று எழுதத் தோன்றும். போக 2 மணி, வர 3 மணி. 240 கிலோமீட்டரை 5-ஆல் வகுத்தால் 48. மெதுவான வேகத்தில் வண்டி அதிக நேரம் ஓடுவதால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. இரண்டு வேகத்திலும் சம நேரம் ஓடியிருந்தால் மட்டுமே 50 சரி. போட்டித் தேர்வுக் கையேடுகள் இதற்கு 2xy/(x+y) என்ற குறுக்குவழியைக் கொடுக்கின்றன. தூரங்கள் சமமாக இல்லாவிட்டால் அது உதவாது என்பதால், பள்ளி மாணவர்களுக்கு அதைக் கற்பிக்கக் கூடாது என்பது என் கருத்து.

ஐயமிருந்தால் இதைச் செய்து பார்க்கலாம். 60 கிலோமீட்டரை மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போனவர், போய்வரும் பயணத்தின் சராசரியை 60 ஆக்க எந்த வேகத்தில் திரும்ப வேண்டும்? 90 என்று பலர் சொல்வார்கள். மொத்தம் 120 கிலோமீட்டர். சராசரி 60 ஆக இருக்க 2 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். அந்த 2 மணியும் போகும்போதே செலவாகிவிட்டது. எந்த வேகமும் போதாது.

வழியில் வண்டி நிற்கும் நேரமும் இந்தக் கணக்கில் சேரும். அகல ரயில் பாதையில் ஒரு வண்டியை 'சூப்பர்ஃபாஸ்ட்' என வகைப்படுத்த இந்திய ரயில்வே வைத்திருக்கும் எல்லை, மணிக்கு 55 கிலோமீட்டர் சராசரி வேகம். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய வண்டிகளுக்கு அது மிகக் குறைவாகத் தெரிந்தால், அவை நிலையங்களில் நிற்கும் நிமிடங்களையும் வகுக்கும் எண்ணில் கூட்டிப் பாருங்கள்.