பட்ஜெட் உரையில் வரும் ‘நிதிப் பற்றாக்குறை’: அரசு எவ்வளவு கடன் வாங்குகிறது என்பதை எப்படிப் படிப்பது?

2025 பிப்ரவரி 1 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் படித்த பட்ஜெட் உரையில், 2025-26ஆம் ஆண்டுக்கான நிதிப் பற்றாக்குறை நாட்டின் மொத்த உற்பத்தியில் 4.4 சதவீதமாக இருக்கும் என்று ஒரு வரி வந்தது. மறுநாள் பேச்செல்லாம் வருமான வரிச் சலுகையைப் பற்றித்தான். ஆனால் அந்த ஆண்டில் மத்திய அரசு எவ்வளவு கடன் வாங்கப்போகிறது என்பதைச் சொன்னது இந்த 4.4தான்.

கணக்கு எளிது. 2025-26இல் அரசு செலவிடத் திட்டமிட்டது 50.65 லட்சம் கோடி ரூபாய். வரி, பொதுத்துறை நிறுவனங்களின் லாபப் பங்கு, ரிசர்வ் வங்கி தரும் உபரி, பங்கு விற்பனை என்று கடன் அல்லாத எல்லா வரவையும் கூட்டினால் 34.96 லட்சம் கோடி. மீதி 15.69 லட்சம் கோடி. இதுதான் நிதிப் பற்றாக்குறை. வரவில் கடனைச் சேர்க்காமல் கணக்கிடுவதால், இந்தத் தொகை முழுவதையும் கடனாகத்தான் திரட்ட வேண்டும். ‘பற்றாக்குறை’ என்று கேட்டதும் கஜானா காலி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது அந்த ஆண்டில் புதிதாகச் சேரப்போகும் கடனின் அளவு.

சரி, யாரிடம் வாங்குகிறார்கள்? பெரும்பகுதி, அதாவது 11.54 லட்சம் கோடி, நீண்டகால அரசுக் கடன் பத்திரங்கள் மூலம். ரிசர்வ் வங்கி அரசின் சார்பில் இந்தப் பத்திரங்களை ஏலம் விடுகிறது. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் வருங்கால வைப்பு நிதிகளும் வாங்குகின்றன. அரசு நோட்டு அடித்துச் சமாளிக்கிறது என்று சொல்வதுண்டு. ஆனால் நிதிப் பொறுப்புச் சட்டத்தின்படி 2006 ஏப்ரலிலிருந்து ரிசர்வ் வங்கி இந்த ஏலங்களில் பொதுவாகத் தானே பத்திரம் வாங்க முடியாது. பத்திரம் சந்தைக்கு வந்த பிறகு பிறரிடமிருந்து வாங்கலாம், அது வேறு விஷயம்.

அடுத்த பெரிய பங்கு 3.43 லட்சம் கோடி. இது சிறுசேமிப்பிலிருந்து வருவது. அஞ்சலகத்தில் போடும் தொடர் வைப்பு, செல்வமகள் சேமிப்புத் திட்டம், பொது வருங்கால வைப்பு நிதி எல்லாம் தேசிய சிறுசேமிப்பு நிதியத்துக்குப் போகின்றன. அங்கிருந்து அரசு கடனாக எடுத்துக்கொள்கிறது. மகள் பெயரில் மாதாமாதம் அஞ்சலகத்தில் பணம் கட்டுகிற தாயும் அரசுக்குக் கடன் கொடுத்தவர்தான்.

உரையில் இன்னொரு கடன் தொகையும் வரும், அங்கேதான் குழப்பம். மொத்தச் சந்தைக் கடன் 14.82 லட்சம் கோடி என்றும், நிகரக் கடன் 11.54 லட்சம் கோடி என்றும் அடுத்தடுத்துச் சொன்னார்கள். இடையில் உள்ள 3.28 லட்சம் கோடி, முதிர்ச்சியடையும் பழைய பத்திரங்களைத் திருப்பிக் கொடுப்பதற்கானது. கடன் சுமை எவ்வளவு கூடுகிறது என்று பார்க்க நிகரத் தொகையை எடுத்துக்கொள்ள வேண்டும். சந்தையில் எவ்வளவு பணத்துக்கு அரசு போட்டி போடப்போகிறது என்று பார்க்க மொத்தத் தொகை. பத்திரச் சந்தையில் இருப்பவர்கள் மொத்தத் தொகைக்காகத்தான் காத்திருப்பார்கள். அது எதிர்பார்த்ததைவிட அதிகமானால் அன்றே வட்டி விகிதம் ஏறும்.

இப்போது சதவீதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். முந்தைய ஆண்டான 2024-25க்குத் திருத்திய மதிப்பீடு 4.8 சதவீதம். அது 4.4 ஆகக் குறைகிறது என்றதும் கடன் குறைகிறது என்றே தோன்றும். ரூபாயில் பாருங்கள்: 2024-25இல் 15.70 லட்சம் கோடி, 2025-26இல் 15.69 லட்சம் கோடி. தொகை ஏறக்குறைய அசையவே இல்லை. பொருளாதாரம் விலைவாசி உயர்வையும் சேர்த்து 10.1 சதவீதம் வளர்ந்து சுமார் 357 லட்சம் கோடி ஆகும் என்று அரசு வைத்துக்கொண்டது. வகுக்கும் எண் பெரிதானதால் விகிதம் இறங்கியது. அதே வளர்ச்சி 8 சதவீதம்தான் என்றால் மொத்த உற்பத்தி 350 லட்சம் கோடியில் நிற்கும், ஒரு ரூபாய்கூட அதிகம் கடன் வாங்காமலே பற்றாக்குறை 4.5 சதவீதத்தைத் தொடும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. வருமானம் பெருகும்போது அதே கடன் இலகுவாகத்தான் ஆகிறது. ஆனால் வளர்ச்சி பற்றிய அனுமானத்தைப் பார்க்காமல் சதவீதத்தை மட்டும் நம்பக்கூடாது.

அளவைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, கடன் எதற்குப் போகிறது என்பது. இதற்கு வருவாய்ப் பற்றாக்குறை உதவும். சம்பளம், ஓய்வூதியம், மானியம், வட்டி போன்ற அன்றாடச் செலவுகளுக்கு வருவாய் போதாமல் போகும் தொகை அது. 2025-26இல் 5.24 லட்சம் கோடி. அதாவது வாங்கும் கடனில் மூன்றில் ஒரு பங்கு சாலையாகவோ ரயில் பாதையாகவோ மாறப்போவதில்லை. வட்டி மட்டும் 12.76 லட்சம் கோடி. அரசின் வருவாய் வரவு 34.20 லட்சம் கோடி என்பதால், வருகிற நூறு ரூபாயில் 37 ரூபாய் பழைய கடனின் வட்டிக்கே போய்விடுகிறது.

அப்புறம், பற்றாக்குறைக்கு வெளியே வைக்கப்படும் கடன் என்று ஒன்று உண்டு. 2019-20 பட்ஜெட்டில் உணவு மானியத்துக்கு 1.84 லட்சம் கோடி ஒதுக்கினார்கள். திருத்திய மதிப்பீட்டில் அது 1.09 லட்சம் கோடியாகச் சுருங்கியது. ரேஷன் அரிசி நின்றுவிடவில்லை. இந்திய உணவுக் கழகம் சிறுசேமிப்பு நிதியத்திடம் கடன் வாங்கிச் செலவைச் சமாளித்தது. அரசு தர வேண்டிய மானியம் கழகத்தின் கடனாக அதன் கணக்கில் உட்கார்ந்துகொண்டது. நிதிப் பற்றாக்குறை அந்த அளவுக்குக் குறைவாகத் தெரிந்தது.

2021 பிப்ரவரி பட்ஜெட்டில் இந்த வழக்கத்தை நிறுத்துவதாக அறிவித்து, பாக்கியை அரசுக் கணக்கிலேயே ஏற்றார்கள். 2020-21க்கான உணவு மானியம் 1.16 லட்சம் கோடியிலிருந்து 4.23 லட்சம் கோடியாகத் தாவியது. கொரோனா கால இலவச அரிசியும் அதில் இருக்கிறது, ஆனாலும் பழைய பாக்கிக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த ஆண்டின் பற்றாக்குறை 9 சதவீதத்தைத் தாண்டியதற்கு இதுவும் ஒரு காரணம். எண் பெரிதானது, ஆனால் நேர்மையானது. அந்த முடிவை நான் முழு மனதோடு வரவேற்கிறேன்.

இதுபோல வெளியே ஏதாவது நிற்கிறதா என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். indiabudget.gov.in தளத்தில் Budget at a Glance என்ற சிறிய ஆவணத்தில் நிதிப் பற்றாக்குறையும் வருவாய்ப் பற்றாக்குறையும் கடன் வரும் வழிகளும் ரூபாயில் இருக்கும். Expenditure Profile ஆவணத்தின் 27ஆவது அறிக்கையில் பட்ஜெட்டுக்கு வெளியே திரட்டிய கடன்கள் வரும். ஏதாவது ஒரு மானியம் திடீரென்று வெட்டப்பட்டிருந்தால், அந்தச் செலவு உண்மையில் குறைந்ததா, இல்லை வேறொரு நிறுவனத்தின் தலையில் ஏறியதா என்று அங்கே தேடுங்கள்.

2026-27 முதல் ஆண்டுப் பற்றாக்குறையைவிட மத்திய அரசின் மொத்தக் கடன் நாட்டின் மொத்த உற்பத்தியில் எத்தனை சதவீதம் என்ற விகிதத்தையே முதன்மை அளவுகோலாகக் கொள்வதாக அரசு சொல்லியிருக்கிறது. 2025-26இல் 56.1 சதவீதம் என்று மதிப்பிட்ட அந்த விகிதம் 2031 மார்ச்சுக்குள் 50ஐ ஒட்டி, அதாவது 49க்கும் 51க்கும் இடையில், வர வேண்டும்.