குளிர் ஏறினால் ட்ரிஸ் பஃபரின் பிஎச்சும் ஏறும்

ஒரு ஆராய்ச்சி மாணவி கேட்டிருந்தார். ட்ரிஸ் பஃபரை மேசையில் வைத்து மீட்டரில் சரியாக 8.0 வரும்வரை அமிலம் விட்டிருக்கிறார். சுத்திகரித்த புரதத்தை டயாலிசிஸ் பையில் கட்டி அந்தப் பஃபரில் போட்டு, ராத்திரி முழுக்க கோல்ட் ரூமில் 4 டிகிரியில் சுழலவிட்டிருக்கிறார். காலையில் பார்த்தால் பைக்குள் பால் கலந்த மாதிரி வெள்ளையாகத் திரண்டிருக்கிறது. கோல்ட் ரூமிலேயே பஃபரை அளந்தால் 8.6. "மீட்டர் கெட்டுவிட்டதா, இல்லை காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கரைந்துவிட்டதா?"

கார்பன் டை ஆக்சைடு கரைந்தால் பிஎச் இறங்கும், இங்கே ஏறியிருக்கிறது, அதனால் அது இல்லை. மீட்டரும் பொய் சொல்லவில்லை. அந்தப் பஃபர் குளிரில் நிஜமாகவே 8.6 தான். அவருடைய புரதத்தின் ஐசோஎலக்ட்ரிக் புள்ளியும் கிட்டத்தட்ட 8.6. அந்த பிஎச்சில் புரதத்தின் நிகர மின்சுமை சுழியமாகிவிடும், மூலக்கூறுகள் ஒன்றையொன்று தள்ளிவிடுவது நின்றுபோய் ஒட்டித் திரளும்.

பஃபரின் பிஎச் எப்படி அமைகிறது என்பது பள்ளியில் படித்ததுதான்:

```
pH = pKa + log([Tris]/[TrisH+])
```

நாம் விட்ட அமிலத்தின் அளவுதான் அந்த விகிதத்தைத் தீர்மானிக்கிறது. குளிர வைத்தால் அது மாறாது, ஏனென்றால் கரைசலில் தனியாகத் திரியும் புரோட்டான்கள் ட்ரிஸ்ஸோடு ஒப்பிட்டால் லட்சக்கணக்கான மடங்கு குறைவு. மாறுவது பிகேஏ, அதாவது ட்ரிஸ் புரோட்டானை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்பதைச் சொல்லும் எண். 25 டிகிரியில் ட்ரிஸ்ஸின் பிகேஏ 8.07. ஒவ்வொரு டிகிரி குளிருக்கும் சுமார் 0.03 ஏறி, 4 டிகிரிக்கு வரும்போது 8.7 ஆகிவிடுகிறது. பிஎச்சும் கூடவே ஏறுகிறது.

சரி, ஏன் ஏறுகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ட்ரிஸ்ஸின் நைட்ரஜனில் ஒட்டியிருக்கும் புரோட்டானைப் பிய்த்தெடுக்க வெப்பம் தேவை, மோலுக்கு ஏறக்குறைய 47 கிலோஜூல். குளிரில் அந்த வெப்பம் கிடைப்பது கஷ்டம், அதனால் புரோட்டான் நைட்ரஜனை விடாமல் இன்னும் இறுக்கிக்கொள்கிறது, கரைசலில் தனிப் புரோட்டான் குறைகிறது, பிஎச் ஏறுகிறது. இதோடு நிறுத்திவிடலாம்தான். ஆனால் பாஸ்பேட்டும் புரோட்டானை விடத்தான் செய்கிறது, அதன் பிகேஏவும் 7.2, அப்படி ஒன்றும் தூரமில்லை. அது மட்டும் ஏன் குளிரில் அசையாமல் நிற்கிறது?

மின்சுமைகளை எண்ணிப் பாருங்கள். ட்ரிஸ்ஸில் புரோட்டான் பிரிவதற்கு முன் ஒரு நேர்மின்சுமை, பிரிந்த பிறகும் ஒன்றுதான். ட்ரிஸ் மேலே இருந்த சுமை புரோட்டானோடு போய்விட்டது, அவ்வளவே. பாஸ்பேட்டில் கதை வேறு. முன்பு ஒரே ஒரு எதிர்மின்சுமை இருந்தது. பிரிந்த பிறகு பாஸ்பேட்டில் இரண்டு எதிர்மின்சுமை, வெளியே வந்த புரோட்டானில் ஒரு நேர்மின்சுமை. தண்ணீர் மூலக்கூறுகள் சுமையைக் கண்டால் சும்மா இருக்காது, ஓடிவந்து சூழ்ந்து வரிசை கட்டி நிற்கும். அப்படி ஒட்டும்போது வெளிவரும் வெப்பம், புரோட்டானைப் பிய்க்கத் தேவைப்பட்ட வெப்பத்தை ஏறக்குறைய ஈடுகட்டிவிடுகிறது. மிச்சம் மோலுக்கு 4 கிலோஜூல் கூட இல்லை. அதற்கு விலையாகத் தண்ணீர் தன் சுதந்திரத்தை இழக்கிறது, அதாவது என்ட்ரோபி குறைகிறது. பாஸ்பேட்டில் புரோட்டான் எளிதில் பிரியாததற்குக் காரணம் இந்த வரிசை கட்டல்தான், வெப்பம் அல்ல. ட்ரிஸ்ஸில் நேர்மாறாக, தடை முழுக்க வெப்பத்திலேயே இருக்கிறது, தண்ணீரின் ஒழுங்கில் பெரிய மாற்றமே இல்லை. வெப்பநிலையோடு பிகேஏ எவ்வளவு நகரும் என்பதை முடிவுசெய்வது அந்த வெப்பத்தின் அளவு மட்டுமே. அதனால்தான் 25-இலிருந்து 4 டிகிரிக்கு வரும்போது பாஸ்பேட் வெறும் 0.06 நகர, ட்ரிஸ் 0.6 நகர்கிறது. இரண்டு புரோட்டான்களும் ஏறக்குறைய ஒரே அளவு இறுக்கமாகப் பிடிக்கப்பட்டவை, ஆனால் பிடித்திருக்கும் கை வேறு!

இனி தயாரிப்புக்கு வருவோம். 4 டிகிரியில் பிஎச் 8.0 இருக்கும் 50 மில்லிமோலார் ட்ரிஸ், ஒரு லிட்டர் வேண்டும். ட்ரிஸ் பேஸ் 6.06 கிராம் எடுத்து 800 மில்லிலிட்டர் தண்ணீரில் கரையுங்கள். உப்பு சேர்ப்பதாக இருந்தால் அதையும் இப்போதே சேர்த்துவிடுங்கள், உப்பும் பிஎச்சைக் கொஞ்சம் நகர்த்தும். 4 டிகிரியில் பிகேஏ 8.7, நமக்கு வேண்டியது 8.0, அப்படியானால் ஐந்து பங்கு அமில வடிவத்துக்கு ஒரு பங்கு பேஸ் இருக்க வேண்டும். கணக்குப்படி ஒரு மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுமார் 42 மில்லிலிட்டர் ஆகும். 40 விட்டு நிறுத்துங்கள். 25 டிகிரி அறையில் மீட்டர் 7.4 பக்கம் காட்டினால் சரியான பாதையில் இருக்கிறீர்கள், அறை 30 டிகிரி என்றால் 7.25 பக்கம். அமிலம் விட்டதும் கரைசல் சூடாகும், சூட்டில் பிஎச் இறங்கித் தெரியும். அடர் அமிலத்தால் ஒரு மோலார் ஸ்டாக் தயாரிக்கிறவர்கள் ஆறவிடாமல் அளந்து ஏமாறுவது இங்கேதான்.

அப்புறம் 950 மில்லிலிட்டர் வரை தண்ணீர் சேர்த்து, பாட்டிலை கோல்ட் ரூமில் வைத்துவிடுங்கள். மறுநாள் அங்கேயே அளந்து கடைசித் துளிகளை விட்டு, ஒரு லிட்டராக்குங்கள். மீட்டரை காலிப்ரேட் செய்யும் பஃபர்களும் அதே குளிரில் இருந்திருக்க வேண்டும். அவற்றுக்கும் சொந்தமாக வெப்பநிலை அட்டவணை உண்டு. 25 டிகிரியில் 6.86 என்று இருக்கும் பாஸ்பேட் ஸ்டாண்டர்ட் 5 டிகிரியில் 6.95.

நிறைய பேர் தடுமாறுவது மீட்டரில் இருக்கும் தானியங்கி வெப்பநிலை ஈடுசெய்தலில். "அது ஆனில் இருக்கிறதே, எந்தச் சூட்டில் அளந்தால் என்ன" என்பார்கள். அது திருத்துவது எலக்ட்ரோடின் சாய்வை மட்டும்தான். ஒரு பிஎச் அலகுக்கு 25 டிகிரியில் 59 மில்லிவோல்ட், 4 டிகிரியில் 55. உங்கள் கரைசல் குளிரில் எங்கே போய் நிற்கும் என்று அதற்குத் தெரியாது, இப்போது இருக்கும் சூட்டில் இருக்கும் பிஎச்சைத்தான் சொல்லும். விலை உயர்ந்த கருவிகளுக்குப் பணம் ஒதுக்கும் ஆய்வகங்கள், கோல்ட் ரூமுக்கென்று ஒரு மீட்டரும் எலக்ட்ரோடும் வாங்கத் தயங்குவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. குளிரில் 7.5 வேண்டும் என்று இதே ட்ரிஸ்ஸை இழுத்தால் பேஸ் வடிவம் 6 சதவீதம்தான் மிஞ்சும். பிஎச் சரியாகத்தான் காட்டும், ஆனால் கொஞ்சம் அமிலம் வந்தாலும் தாங்க ஆள் இருக்காது. அந்த இடத்துக்கு ஹெப்பீஸ் என்ற பஃபரைப் போடுங்கள், அதன் நகர்வும் ட்ரிஸ்ஸில் ஏறக்குறைய பாதிதான்.

கேள்வி கேட்டவருக்கு: புரதத்தை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியைப் பழைய பஃபரிலும், மறுபாதியை 4 டிகிரியில் 8.0 வைத்த புதிய பஃபரிலும் ஒரே கோல்ட் ரூமில் டயாலிசிஸ் செய்யுங்கள். உப்பு, புரத அளவு எல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும். புதியது தெளிவாக இருந்து பழையது மட்டும் திரண்டால் குற்றவாளி பிஎச். இரண்டும் திரண்டால் உங்கள் புரதத்துக்குக் குளிரே ஆகவில்லை, அல்லது டயாலிசிஸில் உப்பு குறைந்தது பிடிக்கவில்லை, அப்போது உப்பைக் கூட்டிப் பாருங்கள். பாட்டில் லேபிளில் "பிஎச் 8.0" என்பதோடு "4 டிகிரியில்" என்றும் எழுதிவிடுங்கள், அடுத்து எடுப்பவர் அதை மேசையில் அளந்து 7.4 வருகிறதே என்று காரம் சேர்த்துவிடப் போகிறார்.