நாலு வரி கமெண்டும் உங்கள் புரொஃபைலும்

தொழிற்சாலைகளுக்குப் பொறியாளர்களைத் தேடித் தருவது என் வேலை. நாளில் பாதி நேரம் லிங்க்ட்இன்னில் யாருடைய புரொஃபைலையாவது பார்த்துக்கொண்டிருப்பேன். வேலை மாற நினைப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "எல்லாத்தையும் நிரப்பி வெச்சிருக்கேன் சார், யாருமே எட்டிப் பார்க்க மாட்டேங்கிறாங்களே?"

நிரப்பி வைத்த புரொஃபைல் சந்துக்குள் இருக்கும் வீடு மாதிரி. முகவரி தெரிந்து தேடி வருபவருக்கு மட்டும்தான் அது கண்ணில் படும். ஆள் நடமாடும் இடம் ஃபீட். அங்கே உங்கள் பெயர் வர வேண்டுமென்றால் நீங்கள் எதையாவது எழுத வேண்டும். இதைச் சொன்னதும் எல்லோரும் பெரிய கட்டுரை எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். மூன்று வாரம் வரைவிலேயே கிடந்து, அப்புறம் அது மறந்தே போகும். நான் முதலில் கமெண்ட் எழுதத்தான் சொல்வேன்.

நீங்கள் ஒருவரின் பதிவுக்குக் கீழே கமெண்ட் போட்டால் உங்கள் படம், பெயர், பெயருக்குக் கீழே உங்கள் புரொஃபைலின் தலைப்பு வரி, இவையெல்லாம் சேர்ந்தே தெரியும். அந்தப் பதிவைப் படிக்க வந்தவர்களில் பெரும்பாலோர் உங்களை அறியாதவர்கள். உங்கள் தொடர்பில் இருப்பவர்கள் சிலரின் ஃபீடிலும், இன்னார் இதில் கருத்துச் சொல்லியிருக்கிறார் என்று அந்தப் பதிவு போய் நிற்கும். இதோடு, உங்கள் புரொஃபைலில் அண்மைச் செயல்பாடுகள் வரும் பகுதியில் அந்தக் கமெண்ட் சேர்ந்துகொள்ளும். என்னைப் போன்றவர்கள் ஒரு புரொஃபைலைத் திறந்தால் அந்தப் பகுதியைக் கட்டாயம் பார்ப்போம். அனுபவப் பட்டியலை யார் வேண்டுமானாலும் அழகாக எழுதிவிடலாம். ஒரு பிரச்சினையைப் பார்த்து ஒருவர் என்ன சொல்கிறார் என்பது அங்கேதான் தெரியும்.

என்னிடம் வந்த ஒரு பராமரிப்புப் பொறியாளரின் கதையைச் சொல்கிறேன். மோட்டார், பம்ப், கம்ப்ரசர் என்று பதினோரு வருட அனுபவம். அவருடைய தலைப்பு வரி 'புதிய வாய்ப்புகளைத் தேடும் கடின உழைப்பாளி' என்று இருந்தது. கமெண்டுக்கு மேலே வரும்போது தலைப்பு வரி முழுதாகத் தெரியாது, முதல் சில சொற்களோடு வெட்டுப்படும். அவருடைய கமெண்டுக்கு மேலே கண்ணில் பட்டதெல்லாம் 'புதிய வாய்ப்புகளைத் தேடும்' என்பதுதான். அவர் என்ன எழுதினாலும் வேலை கேட்டு வந்தவர் எழுதியதாகவே படிப்பார்கள். அதை 'பராமரிப்புப் பொறியாளர், மோட்டார் மற்றும் பேரிங் பழுது ஆய்வு' என்று மாற்றினோம். தலைப்பு வரியில் 220 எழுத்து வரை இடம் இருக்கிறது. ஆனாலும் என்ன வேலை என்பது முதல் நான்கைந்து சொற்களுக்குள் வந்துவிட வேண்டும்.

அதுவரை அவர் போட்ட கமெண்டுகளை எடுத்துப் பார்த்தேன். 'அருமை', 'நன்றி சார்', 'வாழ்த்துகள்', நாலைந்து கைதட்டல் பொம்மைகள். ஒரு வருடமாக இப்படித்தான். மரியாதைக்குறைவு ஒன்றுமில்லை, ஆனால் அதைப் படித்த யாருக்கும் இவர் புரொஃபைலைத் திறந்து பார்க்க ஒரு காரணமும் கிடைத்திருக்காது.

அடுத்த வாரம் ஒரு தொழிற்சாலை மேலாளர் புலம்பலாக ஒரு பதிவு போட்டிருந்தார். ஆறு மாதத்தில் ஒரே மோட்டாருக்கு மூன்று முறை பேரிங் மாற்றியாயிற்று, பேரிங் வாங்கும் கம்பெனியையே மாற்ற வேண்டியதுதானா என்று கேட்டிருந்தார். கீழே பத்துப் பன்னிரண்டு கமெண்ட். எல்லாரும் தங்களுக்குப் பிடித்த பிராண்டைச் சொல்லியிருந்தார்கள். நம்மவர் எழுதியது இது:

"இந்த மோட்டார் விஎஃப்டி-யில் ஓடுகிறதா? அப்படியென்றால் கழற்றிய பேரிங்கைத் தூக்கிப் போடாதீர்கள். வெளி வளையத்தை வெட்டி, உருளைகள் ஓடும் பாதையைப் பாருங்கள். ஏணிப்படி போலச் சம இடைவெளியில் குறுக்குக் கோடுகள் இருந்தால் பேரிங் வழியாக மின்சாரம் பாய்ந்திருக்கிறது. எந்த பிராண்ட் போட்டாலும் மறுபடி போகும். கோடுகள் இல்லாவிட்டால் அலைன்மெண்ட், கிரீஸ் என்று வேறு பக்கம் தேட வேண்டும்."

ஐந்தாறு வாக்கியம், அவ்வளவுதான். மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டி-யால் தண்டில் மின்னழுத்தம் ஏறி அது பேரிங் வழியாக இறங்கும் என்பது அந்தத் துறையில் புதுச் செய்தி இல்லை. ஆனால் இந்தக் கமெண்ட் முதலில் ஒரு கேள்வி கேட்கிறது. மேலாளர் மறுநாள் காலையில் தன் கையால் செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனையைச் சொல்கிறது. எதைப் பார்த்தால் என்ன அர்த்தம் என்றும், தான் சொல்வது எப்போது பொருந்தாது என்றும் சொல்கிறது. 'எனக்குப் பதினோரு வருட அனுபவம்' என்று எங்கும் இல்லை. அது தேவையும் இல்லை, படிக்கிறவருக்கே தெரிந்துவிடும்.

மேலாளர் இரண்டு நாள் கழித்து, வெட்டிய வளையத்தின் படத்தோடு அதற்குப் பதில் போட்டார். கோடுகள் அப்படியே இருந்தன. பதிவை எழுதியவரே பதில் சொன்னதும் அந்தக் கமெண்ட் இழை நீண்டது, வேறு சிலரும் சேர்ந்துகொண்டார்கள். தண்டைத் தொட்டுக்கொண்டு அதில் ஏறும் மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் எர்த் பிரஷ் போடுவதா, மின்சாரம் பாயாதபடி காப்பிடப்பட்ட பேரிங் போடுவதா என்று நல்ல விவாதம். அந்த வாரம் நம்மவர் புரொஃபைலைப் பார்த்தவர்கள் முப்பது சொச்சம் பேர். அதற்கு முன்பு வாரத்துக்கு நாலைந்து. அந்த எண்ணிக்கையை விட, பார்த்தவர்களின் பதவிகளைத்தான் நான் கவனித்தேன். பராமரிப்புத் தலைவர்கள், நம்பகத்தன்மைப் பொறியாளர்கள், ஒரு மோட்டார் ரீவைண்டிங் பட்டறை உரிமையாளர். இலவசக் கணக்கில் எல்லாரையும் காட்டாது, மறைவாகப் பார்ப்பவர்களின் பெயரும் வராது. தெரிகிற சிலரின் பதவியை மட்டும் வைத்தே, நாம் எழுதுவது போக வேண்டிய ஆட்களிடம் போகிறதா என்று ஓரளவு கணிக்கலாம்.

ஒரு தவறை நானும் செய்திருக்கிறேன். ஆரம்ப காலத்தில் எல்லோரிடமும் தினம் ஒன்று எழுதுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவர் சொன்னபடியே செய்தார். பத்தாம் நாள் சரக்கு தீர்ந்து, காலை வணக்கப் படமும் பொன்மொழியும் போட ஆரம்பித்தார். பிறகு மகளின் பிறந்தநாள் படம் போட்டபோது பார்வை எண்ணிக்கை எகிறியது, விருப்பக் குறிகளும் கொட்டின. மகிழ்ச்சியோடு எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். புரொஃபைலைப் பார்த்தவர்கள் யார் என்று கேட்டேன்: பழைய வகுப்புத் தோழர்களும் சொந்தக்காரர்களும். இப்போது வாரத்துக்கு மூன்று கமெண்ட் போதும் என்கிறேன்.

எந்தப் பதிவின் கீழே எழுதுவது என்பதும் முக்கியம். பிரபலங்களின் பதிவில் ஐந்நூறு கமெண்டுகளுக்கு நடுவே எழுதினால் அது அங்கேயே புதைந்துவிடும். உங்கள் துறையில் நேரடியாக வேலை செய்யும் ஒருவர், உண்மையான பிரச்சினையை வைத்து எழுதி, பத்து இருபது கமெண்ட் மட்டும் வந்திருக்கும் பதிவு நல்ல இடம். அவரும் படிப்பார், பதிலும் சொல்வார்.

சரி, கட்டுரைக்கு வருவோம். பேரிங் கமெண்டுக்குப் பிறகு அவரிடம் தனிச்செய்தியில் ஒரே கேள்வியை நான்கு பேர் கேட்டார்கள்: எர்த் பிரஷ் போட்ட பிறகும் கோடுகள் வருகிறதே, ஏன்? ஒரே விஷயத்தை நாலு பேர் கேட்டால் அங்கே ஒரு கட்டுரை இருக்கிறது என்று அர்த்தம். கமெண்டின் ஆயுள் சில நாள்தான். லிங்க்ட்இன்னில் கட்டுரையாக வெளியிட்டால் அதற்கென்று தனி இணைய முகவரி கிடைக்கும், கூகுள் தேடலிலும் அது வரலாம். ஃபீடில் வெளியான நாளில் பத்துப் பேர்கூடப் பார்க்காமல் போகலாம், ஆனால் ஆறு மாதம் கழித்து அதே பழுதோடு தேடும் ஒருவர் அதில் வந்து விழுவார்.

அவர் முதலில் வைத்த தலைப்பு 'எனது பராமரிப்புப் பயணத்தில் ஒரு மைல்கல்'. பேரிங் போய் நிற்கும் யாரும் இப்படித் தேட மாட்டார்கள். 'எர்த் பிரஷ் போட்டும் விஎஃப்டி மோட்டாரில் பேரிங் போவது ஏன்?' என்று மாற்றினோம். முதல் இரண்டு பத்தி, பராமரிப்பின் முக்கியத்துவம் பற்றி. வெட்டிவிட்டேன், அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இந்தக் கட்டுரையை அறிமுகம் செய்து சின்னப் பதிவு போடும்போதும் அதே கதை. பதிவில் முதல் இரண்டு மூன்று வரிகள் மட்டும் தெரியும், மீதி `...more` என்பதை அழுத்தினால்தான் விரியும். பழுது என்னவென்று அந்த வரிகளிலேயே வராவிட்டால் ஆள் நகர்ந்துவிடுவார். ஒரு பதிவில் மக்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்பதையும் ஃபீடை வரிசைப்படுத்தும்போது கணக்கில் எடுப்பதாக லிங்க்ட்இன் பொறியாளர்களே 2020-ல் எழுதியிருக்கிறார்கள். விருப்பக் குறி போடாமல் நின்று படிப்பவரும் கணக்கில் வருகிறார்.

கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அவர் தன் முதல் கணிப்பு தவறியதை எழுதிய இடம். பிரஷ் தேய்ந்துவிட்டது என்று நினைத்து இரண்டு முறை மாற்றியிருக்கிறார். உண்மையில் பிரஷ் தொடும் இடத்தில் தண்டின் மீது பெயிண்ட் இருந்திருக்கிறது. சுரண்டி, உலோகம் தெரியத் துடைத்த பிறகுதான் சரியானது. இதை எழுதினால் என் மதிப்புக் குறையாதா என்று கேட்டார். எழுதுங்கள் என்றேன்.

வேறொன்றுதான் தேள் கொட்டிய மாதிரி ஆனது. கட்டுரையில் போட்ட ஒரு படத்தின் மூலையில் மோட்டாரின் பெயர்ப்பலகையும், பின்னால் அந்தத் தொழிற்சாலையின் உற்பத்தி வரிசையும் தெரிந்தன. அவருடைய மேலதிகாரி கூப்பிட்டு விசாரித்தார். படத்தை உடனே எடுத்துவிட்டு, வளையத்தை மட்டும் வெள்ளைத் துணியில் வைத்து வேறு படம் எடுத்துப் போட்டார். அதற்கும் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டார். இப்போது யார் கட்டுரையைக் காட்டினாலும் எழுத்தைப் படிப்பதற்கு முன் படங்களின் மூலைகளைத்தான் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.

ஏழு மாதம் கழித்து அவருக்கு ஒரு செய்தி வந்தது. வணக்கம், அறிமுகம் எதுவும் இல்லை. வெட்டிய பேரிங் வளையத்தின் படம் ஒன்று, கீழே ஒரே வரி: "பிரஷ் போட்டிருக்கோம், பெயிண்டும் இல்லை, இப்ப எங்க பார்க்கணும்?" அனுப்பியவர் ஒரு பராமரிப்புத் தலைவர். அரை மணி நேரம் போனில் பேசியிருக்கிறார்கள். பேசி முடிக்கும்போது அவர் கேட்டாராம், "நீங்க இப்ப எங்க வேலை பார்க்கிறீங்க?"