காற்று இழுத்துப்போன படகு: கடல் வேலைக்குப் போன மலைக்காரர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும்

கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கத்துத் தாயகம் திரும்பிய குடும்பங்கள் பலவற்றுக்குத் தலைமன்னார், ராமேஸ்வரம், மண்டபம் என்ற பெயர்கள் புதிதல்ல. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய வழி அது. தேயிலை வேலை குறைந்த மாதங்களில் அந்தப் பக்கத்து உறவுக்காரர் வீட்டில் தங்கி விசைப்படகில் கூலிக்கு ஏறும் பையனுக்கு வலை இழுக்கக் கற்றுக்கொடுப்பார்கள். எல்லைக் கோடு எங்கே இருக்கிறது, அதைத் தாண்டிவிட்டால் என்ன செய்வது என்று சொல்லித்தர ஆள் இருக்காது. இந்த விளக்கம் இலங்கைப் பக்கத்து எல்லையைப் பற்றியது. அதிலும் வேண்டுமென்று போகாமல், எஞ்சின் நின்று காற்றோடு போன படகைப் பற்றியது.

ராமேஸ்வரத்துக்கு நேர் கிழக்கே ஏறக்குறைய 12 கடல்மைலில் (22 கிலோமீட்டர்) எல்லை வந்துவிடுகிறது. 1974 இந்திய–இலங்கை ஒப்பந்தம் பாக் விரிகுடாவில் ஆறு புள்ளிகளைக் குறித்து, அவற்றை இணைத்துக் கோடு போட்டது. ராமேஸ்வரம் படகுகளுக்கு முக்கியமானவை இரண்டு: வடக்கு 9° 21.80', கிழக்கு 79° 30.70' என்பது ஒன்று. வடக்கு 9° 13', கிழக்கு 79° 32' என்பது மற்றது. கச்சத்தீவு இந்தக் கோட்டுக்குச் சற்றுக் கிழக்கே, இலங்கைப் பக்கம் இருக்கிறது. கூலிக்கு ஏறுபவர் வேறு எதுவும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஜிபிஎஸ் திரையில் கிழக்கு 79° 30' வந்துவிட்டால் இனிக் கிழக்கே போகக்கூடாது என்று தெரிந்தால் இந்த இரண்டு புள்ளிகளுக்கு இடைப்பட்ட பகுதிக்குப் போதும்; அதற்கு வடக்கே கோடு மேற்கே சாய்கிறது. 1974 ஒப்பந்தம் பாரம்பரிய உரிமை பற்றிப் பேசினாலும், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று 1976இல் இரு அரசுகளும் கடிதம் மாற்றிக்கொண்டன. கரையில் யார் என்ன வாதம் செய்தாலும், இலங்கை நீதிமன்றத்தில் பேசுவது இலங்கைச் சட்டந்தான்.

இப்போது ஒரு கணக்கு. கிழக்குக் கரையின் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14உடன் முடிகிறது. கூடலூரில் அடைமழையைக் கொட்டும் தென்மேற்குப் பருவந்தான் அங்கே கச்சான் காற்றாக வீசுகிறது. அது படகைக் கிழக்கே, அதாவது எல்லைப் பக்கம் தள்ளும். கரையிலிருந்து 9.5 கடல்மைலில் இரவு 11 மணிக்கு எஞ்சின் நிற்கிறது என்று வையுங்கள். கோட்டுக்கு இன்னும் 2.5 கடல்மைல். காற்றும் நீரோட்டமும் சேர்ந்து மணிக்கு ஒன்றரைக் கடல்மைல் வேகத்தில் தள்ளினால், 12.40க்குப் படகு கோட்டைத் தொடும். கையில் இருப்பது ஒரு மணி 40 நிமிடம்.

இந்த நேரத்தை எஞ்சினைக் கழற்றிப் பார்ப்பதிலேயே செலவழிப்பதுதான் வழக்கமான தவறு. முதலில் நங்கூரம். பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். பெரும்பாலான இடங்களில் 15 மீட்டருக்குள்தான். 10 மீட்டர் ஆழமென்றால் 50 மீட்டர் கயிறு விட வேண்டும். ஆழத்தளவே கயிறு விட்டால் நங்கூரம் பிடிக்காமல் தரையில் இழுபடும். பின்னால் விசாரணையில் முதலில் வரும் கேள்வியும் இதுவே: படகில் நங்கூரம் இருந்ததே, ஏன் போடவில்லை? அறுந்தது, பிடிக்கவில்லை என்றால் அறுந்த கயிற்று முனையை எறியாமல் வைத்திருங்கள்.

அடுத்தது தகவல். விஎச்எஃப் ரேடியோவின் 16ஆம் சேனலில் படகு எண், இருக்கும் இடம், என்ன பழுது, எத்தனை பேர் என்று சொல்லுங்கள். இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்குக் கட்டணமில்லை, ஆனால் செல்போன் சிக்னல் இருந்தால்தான். டிரான்ஸ்பாண்டரோ, டாட் எனப்படும் ஆபத்து அறிவிப்புக் கருவியோ படகில் இருந்தால் அவசரப் பொத்தானை எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும்போதே அழுத்த வேண்டும். 11.20க்குக் கிளம்பிய செய்தி நேரத்தோடு பதிவாகியிருக்கும். ரோந்துக் கப்பலைக் கண்ட பிறகு அழுத்தியதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மூன்றாவது, வலை. இழுவலை தண்ணீரில் இருக்கும்போது எஞ்சின் நின்றால் சிக்கல் இரட்டிப்பாகும். வலையைச் சுருட்டும் விஞ்ச் பெரும்பாலும் அதே எஞ்சினில்தான் ஓடுகிறது. வலை தொங்கிக்கொண்டே எல்லை தாண்டிய படகு, தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு மீன்பிடிக்கும் படகேதான். எத்தனை பேர் இருக்கிறீர்களோ அத்தனை பேரும் சேர்ந்து கையால் இழுத்து ஏற்றப் பாருங்கள். முடியாவிட்டால் நின்ற எஞ்சினையும் தொங்கும் கயிற்றையும் நேரம் தெரியும்படி போனில் வீடியோ எடுங்கள்.

ரோந்துப் படகு வந்துவிட்டால் ஓடப் பார்க்காதீர்கள், விளக்கை அணைக்காதீர்கள். எல்லாரும் கை தெரியும்படி மேல்தளத்தில் நில்லுங்கள்; படகு ஓட்டுநர் மட்டும் பேசட்டும். கடற்படையினருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். ‘எஞ்சின் பழுது’ என்று சொல்லி எஞ்சினைக் காட்டுவது எந்த மொழியிலும் புரியும். வலையை வெட்டி விடுவதும், ஜிபிஎஸ் பெட்டியைக் கடலில் வீசுவதும் பழைய பழக்கம். தப்பு செய்தவர் சாட்சியை அழிக்கிறார் என்றுதான் அதற்குப் பொருள் கொள்வார்கள். உண்மையிலேயே இழுபட்டவருக்கு அந்தப் பெட்டிதான் முதல் சாட்சி. இழுவலை போடும் படகு மணிக்கு இரண்டரை, மூன்று கடல்மைல் வேகத்தில் ஒரே திசையில் போய், திரும்பி, மறுபடி போகும். அதன் தடம் உழுத நிலம் போல இருக்கும். காற்றோடு போன படகின் தடமோ மெதுவாக, ஒரே பக்கம் வளைந்து போகும், திரும்பவே திரும்பாது. விவரம் தெரிந்தவர் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

எல்லை தாண்டிப் பிடிபடும் படகுகள் எல்லாம் காற்றில் போனவை அல்ல. இறாலுக்காகத் தெரிந்தே போகிறவை நிறைய. அதனால்தான் ‘எஞ்சின் பழுது’ என்ற வார்த்தையை அங்கே யாரும் சும்மா நம்புவதில்லை. அதே இலங்கைக் கடற்படை, உண்மையில் பழுதாகித் தத்தளித்தவர்களை மீட்டு அனுப்பியதும் உண்டு. எந்த வகை என்று தீர்மானிப்பது மேலே சொன்ன நங்கூரமும் செய்தியும் வலையுந்தான்.

கைதானால் காங்கேசன்துறைக்கோ தலைமன்னாருக்கோ கொண்டுபோய், அங்குள்ள மீன்வளத் துறையான கடற்றொழில் திணைக்களத்திடம் ஒப்படைப்பார்கள். இனி வரும் சொற்கள் நம் வீட்டுப் பாட்டிமாருக்குத் தெரிந்தவை, பிள்ளைகளுக்குத் தெரியாது. நீதவான் என்பவர் மாஜிஸ்திரேட். விளக்கமறியல் என்றால் ரிமாண்ட், தண்டப்பணம் என்றால் அபராதம், சட்டத்தரணி என்றால் வக்கீல். விளக்கமறியல் வழக்கமாக 14 நாள்வரை விதிக்கப்பட்டு, தேவைப்பட்டால் நீட்டப்படும். குற்றச்சாட்டு பெரும்பாலும் மூன்று: அனுமதியின்றி நாட்டுக்குள் நுழைந்தது, அனுமதியின்றி மீன்பிடித்தது, இழுவலை வைத்திருந்தது. மீன்பிடித்ததற்கான சட்டம் 1979ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம். 2018இல் அதைத் திருத்திப் படகின் நீளத்துக்கேற்பத் தண்டப்பணத்தைப் பல மடங்கு உயர்த்தினார்கள். இழுவலைத் தொழிலை 2017 முதல் அங்கே வேறொரு சட்டத்தின் திருத்தத்தால் தடை செய்திருக்கிறார்கள்.

சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. அதற்குத் தகவல் தரும்படி கேட்பது 1963 வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவு தரும் உரிமை. கேட்டால்தான் தகவல் சொல்லும் கடமை அவர்களுக்கு உறுதியாகும்; ஆகவே வாய்விட்டுக் கேளுங்கள்.

எல்லாவற்றிலும் கவனம் தேவைப்படும் இடம் நீதிமன்றத்தின் முதல் நாள். ‘குற்றத்தை ஒத்துக்கொண்டால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்’ என்ற பேச்சு அங்கே காதில் விழும். அது பொய்யில்லை. முதல் தடவை பிடிபட்டவருக்குப் பெரும்பாலும் சிறைத்தண்டனையை 5 ஆண்டுக்கு ஒத்திவைத்து அனுப்புகிறார்கள். ஆனால் அது விடுதலை இல்லை. அந்த 5 ஆண்டுக்குள் மறுபடி பிடிபட்டால், புதிய தண்டனையோடு ஒத்திவைத்த பழைய தண்டனையும் சேரும். மறுமுறையும் காற்றுதான் இழுத்தது என்றாலும், ஏற்கெனவே ஒருமுறை ஒத்துக்கொண்டவர் என்பதே முன்னால் நிற்கும். எனவே உண்மையில் பழுதாகி வந்தவர், ஒத்துக்கொள்வதற்கு முன்பே சட்டத்தரணியிடம் எஞ்சின் நின்ற நேரம், நங்கூரம், அனுப்பிய அவசரச் செய்தி மூன்றையும் சொல்லி, நீதவான் முன் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். அதற்காகக் கூடுதலாகச் சில வாரம் உள்ளே இருக்க நேரலாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது அவரவர் முடிவு; தெரிந்து எடுக்க வேண்டும். படகு ஓட்டுநருக்கும் கூலியாட்களுக்கும் தண்டனை ஒன்றாக இருப்பதில்லை. ஓட்டுநருக்குத்தான் சிறை அதிகம் விழுகிறது. படகின் வழக்கு தனி, அதற்கு உரிமையாளர்தான் ஆவணங்களோடு முன்வர வேண்டும்.

இங்கே வீட்டாருக்கு. செய்தி வந்ததும் ஊட்டி கலெக்டர் அலுவலகத்துக்கு ஓடுவதில் நாள் போகும். படகு எந்தக் கரையில் பதிவாகியிருக்கிறதோ, அங்குள்ள மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில்தான் கைதானவர் பட்டியல் தயாராகிறது. IND-TN-10-MM என்று தொடங்கும் படகு எண்ணை அவர் ஏறும் முன்பே வாங்கி வீட்டுச் சுவரில் எழுதி வைத்திருந்தால் போனிலேயே விசாரிக்கலாம். அவர் பெயர் படகின் ஆள் பட்டியலில் இல்லையென்றால் உடனே சொல்லித் திருத்துங்கள். கடைசி நேரத்தில் ஆள் மாறி ஏறுவது அங்கே சாதாரணம். ஆதார், வாக்காளர் அட்டைப் படங்களை அந்த அலுவலகத்துக்கே அனுப்புங்கள், குடியுரிமையைச் சரிபார்க்க அவை வேண்டும். பெற்றோர் இலங்கையில் பிறந்தவர்கள் என்றால் தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டையின் நகலையும் சேருங்கள். அந்தக் கேள்வி வந்தபின் தேடினால் காகிதம் கிடைக்காது.

சிறையில் இருக்கும் மீனவர் குடும்பத்துக்குத் தமிழ்நாடு அரசு நாள் கணக்கில் உதவித்தொகை தருகிறது. தொகை அவ்வப்போது உயர்கிறது. விண்ணப்பமும் அதே கரையோர அலுவலகத்தில்தான். மீனவர் நலவாரிய உறுப்பினர் அட்டை இல்லாத மலைக்காரருக்கு இங்கே தட்டிக்கழிப்பு வரலாம். அப்படி வந்தால் பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு, ஊட்டியில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 15100 எண்ணிலும் இலவச ஆலோசனை கிடைக்கும்.

விடுதலையானவர் கொழும்பு அருகே உள்ள முகாமில் சில நாள் இருந்து, பெரும்பாலும் விமானத்தில் சென்னைக்கு வருவார். கிளம்பும் முன் தீர்ப்பின் நகலைச் சட்டத்தரணியிடம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். தண்டனை எத்தனை மாதம், எந்தத் தேதிவரை ஒத்திவைக்கப்பட்டது என்பது அதில் இருக்கும். அந்தத் தேதி முடியும்வரை அவர் கிழக்கே போகும் படகில் ஏறாமல், மேற்குக் கரையிலோ மன்னார் வளைகுடாவின் கரையோர வேலையிலோ இருப்பது நல்லது.