ஒற்றை அறை திரில்லர்: கதவுக்கு அந்தப் பக்கத்தையும் திட்டமிடுங்கள்

ஒரே வீட்டுக்குள் நடக்கும் திரில்லர் எடுக்க வருபவர்கள் என்னிடம் முதலில் காட்டுவது வீட்டின் புகைப்படங்களைத்தான். ஒலிப்பதிவாளனுக்கு அவை பாதி விவரம்கூட இல்லை. படப்பிடிப்பு நடக்கப்போகும் அதே நேரத்தில் ஜன்னல்களை மூடிவிட்டு அங்கே சிறிது நேரம் பேசாமல் உட்காருங்கள். பிறகு ஒருமுறை கை தட்டுங்கள். ஓசை சுவர்களில் பட்டு நீண்டால், கிசுகிசுக்கும் வசனம் தெளியாது. கேமராவில் விழாத சுவர்களில் கனத்த போர்வைகளைத் தொங்கவிட்டால் அது ஓரளவு அடங்கும். தெருவின் இரைச்சலோ போர்வைக்கு அடங்காது. அப்படிப்பட்ட வீட்டை விட்டுவிடுவதே சிக்கனம்.

அடுத்தது கதவு. வீட்டில் ஒரு பெண் தனியாக இருக்கிறாள். வெளியே வருபவனைக் காட்டாமலே நமக்குப் பயம் வர வேண்டும். அதற்கான வேலை, ஆபத்தே இல்லாத முதல் காட்சியில் தொடங்குகிறது. லிஃப்ட் திறக்கிறது, ஏழு காலடி, சாவிக்கொத்தின் ஓசை, பக்கத்து வீட்டுக் கதவு. அவள் தலை நிமிர்வதில்லை. இன்னொரு காட்சியிலும் அதே வரிசை. மூன்றாவது முறை நான்காவது அடியிலேயே, அவள் கதவுக்கு நேராக, நடை நின்றுவிடுகிறது. சாவி ஓசை இல்லை. எண்ணச் சொல்லாமலே பார்வையாளர் எண்ணியிருப்பார். அவளைக் கதவுக்கு முதுகு காட்டி உட்காரவையுங்கள். கதவு பின்னால் தெரியட்டும், ஷாட்டை வெட்டாதீர்கள். கதவின் அடி இடுக்கில் விழும் வெளிச்சத்தை இரண்டு கால்கள் மறைத்தால் போதும். அதற்குத் தேவை வெளியே ஒரு விளக்கும் ஓர் உதவியாளரும்தான்.

வசனம் இல்லாத ஷாட் என்றால் உதவியாளர் உண்மையாகவே நடக்கட்டும். நடிகையின் கழுத்து சரியான நொடியில் விறைக்கும். வசனம் இருந்தால் கைச்சைகை போதும். காலடியைத் தனியே பதிவு செய்யுங்கள், மைக்கை அறைக்குள் வைத்து, கதவைச் சாத்திவிட்டு. பக்கத்தில் பதிவு செய்து சத்தத்தைக் குறைத்தால் அது மெல்லிய ஓசையாகுமே தவிர, கதவுக்கு அப்பால் கேட்பதாகாது. ஓசையின் கூர்மையைக் கதவு விழுங்கிவிடுகிறது.

ஃபிரிட்ஜை அணைத்துவிட்டே படமெடுங்கள் (வண்டிச் சாவியை அதற்குள் வைத்தால், மறுபடி போடாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது). ஓடவிட்டால் அதன் முனகல் ஒவ்வொரு வெட்டிலும் துள்ளும். அந்த முனகலையும், எல்லோரும் அசையாமல் நிற்க அறையின் வெற்று ஓசையையும் தலா ஒரு நிமிடம் தனித்தனியாகப் பதிந்துகொள்ளுங்கள். எடிட்டிங்கில் முனகலைக் காட்சி முழுக்க ஓடவிட்டு, நடை நிற்கும் கணத்தில் நிறுத்துங்கள். அறையின் வெற்று ஓசை மட்டும் தொடர வேண்டும். அதுவும் போனால் ஸ்பீக்கர் கெட்டுவிட்டதாகத்தான் நினைப்பார்கள்.

பயமுறுத்த அடித்தொண்டை உறுமல் போன்ற இசை கேட்பவர்களிடம், முதலில் அதை செல்பேசியில் போட்டுக் கேட்கச் சொல்வேன். அந்தச் சிறிய ஸ்பீக்கரில் அது ஏறக்குறைய மறைந்துவிடும். காலடியும் சாவியும் அதிலும் கேட்கும்.