பக்கத்துக் கட்டடத்தோடு ஒட்டிக் கட்டாதீர்கள்: அந்த இரண்டு அங்குலம் வீண் இடம் இல்லை

ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜ் கட்டும் இடத்துக்கு அண்மையில் போயிருந்தேன். வரைபடத்தில் 50 மில்லிமீட்டர் இடைவெளி என்று தெளிவாக எழுதிக் கொடுத்திருந்தோம். அங்கே போய்ப் பார்த்தால், பக்கத்து வீட்டுச் சுவரையே சென்ட்ரிங் பலகை மாதிரி வைத்துக்கொண்டு முதல் மூன்று தளத்துக்கும் கான்கிரீட் கொட்டி முடித்திருக்கிறார்கள். கொத்தனாரைக் கேட்டால், "ரெண்டும் ஒன்னை ஒன்னு தாங்கிக்கும் சார், ஸ்ட்ராங்காத்தான் இருக்கும்" என்கிறார். இதே பதிலை கீழக்கரையிலும் தொண்டியிலும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

நிலம் அசையாதபோது இரண்டு கட்டடமும் தாமாகவே நிற்கின்றன. யாரும் யாரையும் தாங்கவில்லை, தாங்க வேண்டிய தேவையும் இல்லை. நிலம் அசையும்போதுதான், அதாவது பூகம்பத்தின்போதுதான் பிரச்சினை. உயரமான கட்டடம் மெதுவாக ஆடும், குட்டையானது வேகமாக ஆடும். ஒன்று வலப்பக்கம் போகும்போது மற்றது இடப்பக்கம் வரும். பாம்பன் ஜெட்டியில் நாட்டுப்படகையும் விசைப்படகையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டியிருப்பதைப் பாருங்கள், அலை அடிக்கும்போது இரண்டும் சேர்ந்து ஆடுவதில்லை, மோதிக்கொள்கின்றன. கட்டடங்களும் அப்படித்தான். ஒரே உயரம், ஒரே எடை, ஒரே தள மட்டம் என்று வரிசையாகக் கட்டியிருந்தால் நடுவில் இருப்பவை ஓரளவு ஒன்றாக ஆடலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் வரிசையின் கடைசி வீடு வெளியே தள்ளப்பட்டு அதிகம் அடிபடும். நம் ஊரில் அப்படி ஒரே அச்சாக யார் கட்டுகிறார்கள்? முப்பது வருடத்துக்கு முந்தைய வீடு, அதன் பக்கத்தில் புது லாட்ஜ். இதுதான் நிலைமை.

நான் சொன்ன லாட்ஜையே எடுத்துக்கொள்வோம். கீழே வாகன நிறுத்தம், மேலே நான்கு தளம், ஒவ்வொன்றும் 3 மீட்டர். அதாவது 3, 6, 9, 12, 15 மீட்டரில் அதன் தளங்கள் வருகின்றன. பக்கத்து வீடு பழைய பாணியில் கட்டியது, ஒவ்வொரு தளமும் மூன்றரை மீட்டர். அதன் தளங்கள் 3.5, 7, 10.5 மீட்டரில். இப்போது அந்த வீட்டின் மொட்டைமாடித் தளம் எங்கே இடிக்கும் என்று பாருங்கள். லாட்ஜின் 9 மீட்டருக்கும் 12 மீட்டருக்கும் சரியாக நடுவில், அதாவது ஒரு மாடியின் தூண்களுக்கு நட்டநடுவில். தளம் தளத்தோடு மோதினால் கான்கிரீட் உதிரும், பூச்சு விழும், பெரும்பாலும் அதோடு போகும். தளத்தின் விளிம்பு தூணின் நடுவில் குத்தினால் அந்தத் தூண் வெட்டுப்பட்டதுபோல் குறுக்கே உடையும். தூணுக்குள் போடும் ரிங்குகளை எட்டு அங்குலத்துக்கு ஒன்று என்று கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். மேல்மாடிகளின் சுமை முழுவதும் அந்தத் தூண்கள் மேல்தான் இருக்கிறது.

சரி, 50 மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது? பூகம்பத்துக்கான இந்தியத் தர நிர்ணயம் IS 1893 சொல்வது இதுதான்: இரண்டு கட்டடமும் ஒன்றை நோக்கி ஒன்று எவ்வளவு சாயும் என்று தனித்தனியாகக் கணக்கிட்டு, ஒவ்வொன்றையும் அதனதன் R மதிப்பால், அதாவது வடிவமைப்பில் பூகம்ப விசையை எத்தனை மடங்கு குறைத்தோம் என்ற எண்ணால் பெருக்கி, இரண்டையும் கூட்ட வேண்டும். குட்டையான கட்டடத்தின் உச்சி மட்டத்தில்தான் பார்க்க வேண்டும், அதற்கு மேல் மோத எதுவும் இல்லை. இந்த லாட்ஜ் அந்த உயரத்தில் 10 மில்லிமீட்டர், வீடு 5 மில்லிமீட்டர். இரண்டுக்கும் R மதிப்பு 3. ஆக 45 வருகிறது, 50 கொடுத்தோம். தள மட்டங்கள் ஒன்றாக இருந்திருந்தால் பாதி போதும் என்று அதே விதி சொல்கிறது.

இங்கே என் துறைக்காரர்களான கட்டமைப்புப் பொறியாளர்களுக்கும் ஒரு வார்த்தை. கணினியில் வரும் 15 மில்லிமீட்டரை அப்படியே வரைபடத்தில் எழுதிவிடாதீர்கள். அது குறைக்கப்பட்ட விசைக்கு வந்த சாய்வு. கட்டடம் வளைந்து, விரிசல் விட்டு ஆற்றலை உறிஞ்சும் என்று நம்பித்தானே விசையைக் குறைத்தோம், அந்த வளைவுக்கு இடம் விட வேண்டாமா?

அடுத்து வரும் கேள்வி எனக்குத் தெரியும். "நம்ம ராமநாதபுரத்துல எங்க சார் பூகம்பம்?" IS 1893இன் 2016 பதிப்பில் உள்ள பூகம்ப மண்டல வரைபடத்தில் நம் மாவட்டம் இரண்டாம் மண்டலம், குறைந்த ஆபத்து, அது உண்மை. அதனால்தான் 50 மில்லிமீட்டரில் முடிந்தது, வடகிழக்கு மாநிலங்களாக இருந்தால் இன்னும் பல மடங்கு கேட்கும். குறைந்த ஆபத்து என்றால் ஆபத்தே இல்லை என்று பொருள் இல்லை. 1900இல் கோயம்புத்தூர்ப் பக்கம் ஏறத்தாழ 6 அளவில் அதிர்ந்தது, 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் அதிர்ந்தது. அப்புறம் நம் கடற்கரை மண் மணல், இறுகாத மண். அது அதிர்வைப் பெரிதாக்கும். 1985இல் மெக்சிகோ நகரத்தில் மையம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்தும், மென்மையான ஏரிப் படுகை மண்ணால் நகரம் நொறுங்கியது. அங்கே கடுமையாகச் சேதமான 330 கட்டடங்களை ஆராய்ந்தபோது 40 சதவீதத்துக்கும் மேல் பக்கத்துக் கட்டடத்தோடு மோதிய தடம் இருந்ததாகப் பதிவு செய்தார்கள். அந்த விகிதம் அதிகம் என்று பின்னால் சிலர் வாதிட்டார்கள், மோதல் நடந்ததை யாரும் மறுக்கவில்லை.

இடைவெளியை ஏன் அடைக்கிறார்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. மழைத் தண்ணீர் இறங்கிச் சுவர் ஊறும், எலி குடியேறும், குப்பை சேரும். எல்லாம் நியாயமான கவலை. ஆனால் அதற்கு சிமென்ட் கலவையும் செங்கல் துண்டும் தீர்வு இல்லை. கலவை அடைத்த இடைவெளி இல்லாத இடைவெளிக்குச் சமம். மேலே தகடு வைத்து மூடுங்கள். உயரமான கட்டடத்தின் சுவரில் மட்டும் திருகி, மற்றதன் கைப்பிடிச் சுவர்மேல் சும்மா தொங்கும்படி விடுங்கள், இரண்டு பக்கமும் திருகினால் முதல் அசைவிலேயே பிய்த்துக்கொள்ளும். நம் உப்புக் காற்றில் ஜி.ஐ. தகடு சீக்கிரம் துருப்பிடிக்கும், அலுமினியம் போடுங்கள். உள்ளே ஏதாவது வைத்தே ஆக வேண்டுமென்றால் கையால் அழுத்தினால் அமுங்கும் நுரை மட்டும். சென்ட்ரிங் பலகையை உள்ளேயே விட்டுவிட்டுப் போவது கூடவே கூடாது. இடைவெளி அடித்தள மட்டத்துக்கு மேலே முழு உயரத்துக்கும் இருக்க வேண்டும், அடித்தளத்துக்குக் கீழே பிரிக்க வேண்டியதில்லை.

தொடர் கட்டடப் பகுதி, பக்கவாட்டில் இடம் விட வேண்டாம் என்று அனுமதி வாங்கியிருப்பீர்கள். அது எல்லைக்கோட்டைப் பற்றியது, அதிர்வு இடைவெளிக்கு விலக்கு கொடுக்கவில்லை. நிலம் விற்கிற விலைக்கு இரண்டு அங்குலம் கசக்கிறது என்று பெரியவர் ஒருவர் சொன்னார். 10 மீட்டர் நீளச் சுவருக்கு 50 மில்லிமீட்டர் என்றால் அரை சதுர மீட்டர் ஐயா. ஒரு கட்டிலுக்குக்கூடக் காணாது.

ஏற்கெனவே ஒட்டிக் கட்டிவிட்டவர்கள் பயந்து சுத்தியலைத் தூக்க வேண்டாம். அடைத்த கலவையை மெல்ல எடுக்கலாம், தளத்தின் விளிம்பைத் தொடும் முன் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். பக்கத்துத் தளம் உங்கள் தூணின் நடுவில் வருகிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. வந்தால் அந்தத் தூண்களைச் சுற்றிக் கூடுதல் ரிங்கும் கான்கிரீட்டும் போட்டுப் பலப்படுத்த வழி இருக்கிறது. எங்கள் லாட்ஜில் இப்போது அந்த வேலைதான் நடக்கிறது, 50 மில்லிமீட்டர் விட்டிருந்தால் இந்தச் செலவே வந்திருக்காது.

புதிதாகக் கட்டுகிறவர்கள் ஒவ்வொரு தளமும் கொட்டியபின், சென்ட்ரிங் பிரித்ததும் மேலே ஏறி, தூக்குக்குண்டைக் கயிற்றில் கட்டி அந்த இடைவெளியில் அடித்தளம் வரை இறக்குங்கள். மூன்று நான்கு இடத்தில் இறக்கிப் பாருங்கள். எங்காவது தட்டி நின்றால், அங்கே கலவையோ பலகையோ சிக்கியிருக்கிறது. அடுத்த தளத்துக்குக் கம்பி கட்டுவதற்கு முன்னால் அதை எடுக்கச் சொல்லுங்கள், அதன்பின் அங்கே கை நுழையாது.