"ரம்மிதான் ஆடினேன், சூதாடல" என்பவர்களுக்கு ஒன்பது கேள்விகள்

"நான் சூதாடுற ஆள் இல்ல டாக்டர். ரம்மி மட்டும்தான்." போன வாரமும் ஒருவர் இப்படிச் சொன்னார். மனைவியின் செயின் அடகுக்கடையில் இருக்கிறது, மூன்று கடன் ஆப்களில் தவணை பாக்கி, கைமாற்று வாங்கிய நண்பர்கள் போனை எடுப்பதில்லை. ஆனாலும் நான் கொடுத்த கேள்வித்தாளில் பாதிக்கு மேல் பூஜ்ஜியம். மனநல மருத்துவராக இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அதனால் அந்தக் கேள்வித்தாளையே இங்கே தருகிறேன். எப்படி நிரப்பினால் அது உண்மையைச் சொல்லும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் அந்த 'ரம்மி மட்டும்தான்' விஷயத்தை முடித்துவிடுவோம். ரம்மியில் திறமைக்கே பெரும்பங்கு என்று உச்ச நீதிமன்றம் 1968-இல் சொன்னது உண்மைதான். தமிழ்நாடு அரசின் ஆன்லைன் சூதாட்டத் தடைப் பட்டியலிலிருந்து ரம்மியையும் போக்கரையும் நவம்பர் 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியதும் உண்மைதான். ஆனால் நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி, சட்டப்படி இதைச் சூதாட்டம் எனலாமா என்பது. என் முன் இருக்கும் கேள்வி, உங்களால் நிறுத்த முடிகிறதா என்பது. முதல் கேள்விக்குக் கிடைத்த தீர்ப்பை இரண்டாவதற்குப் பதிலாக நீட்டாதீர்கள். நீங்கள் நன்றாகவே ஆடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டாலும், எதிரே உட்கார்ந்திருப்பவரும் நன்றாக ஆடுகிறவர்தான். ஒவ்வொரு மேசையிலும் பந்தயத் தொகையில் ஒரு பங்கை ஆப் நடத்தும் கம்பெனி எடுத்துக்கொள்ளும். சமமான திறமை உள்ள இருவர் ஆடிக்கொண்டே இருந்தால், நாளடைவில் இருவர் கையிலும் பணம் குறையும். அது போக, இரவு இரண்டு மணிக்கு, தோற்ற கோபத்தில் ஆடுகிறவருக்கு எந்தத் திறமை மிச்சமிருக்கும்?

இப்போது புதிதாக இன்னொன்றும் சொல்கிறார்கள்: "அதான் சட்டம் போட்டு மூடிட்டாங்களே, இனிமே என்ன?" பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுக்கும் மத்தியச் சட்டம் ஆகஸ்ட் 2025-இல் வந்தது. ஆப் மூடியதும் விட்டவர்கள் இருக்கிறார்கள், மகிழ்ச்சி. வெளிநாட்டு பெட்டிங் தளத்துக்கும், கிரிக்கெட் பந்தயத்துக்கும், ஊர்ச் சீட்டாட்டத்துக்கும் மாறியவர்களும் என்னிடம் வருகிறார்கள். ஆட்டத்தின் பெயர் எதுவாக இருந்தாலும் கேள்விகள் இவையேதான்.

இந்தக் கேள்வித்தாள் 2001-இல் கனடாவில் உருவானது. சூதாட்டப் பிரச்னை எவ்வளவு தீவிரம் என்று அளக்கும் இதை PGSI என்பார்கள். கடந்த 12 மாதங்களை மட்டும் நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். ஒருபோதும் இல்லை என்றால் 0, சில நேரம் என்றால் 1, பெரும்பாலும் என்றால் 2, கிட்டத்தட்ட எப்போதும் என்றால் 3.

1. இழந்தால் தாங்க முடியாத அளவு பணத்தை வைத்து ஆடினீர்களா?
2. அதே கிளர்ச்சி கிடைக்க முன்பைவிடப் பெரிய தொகை தேவைப்பட்டதா?
3. விட்ட பணத்தைப் பிடிக்க இன்னொரு நாள் மறுபடியும் போய் ஆடினீர்களா?
4. ஆடுவதற்காகக் கடன் வாங்கினீர்களா, எதையாவது விற்றீர்களா?
5. இதில் நமக்கு ஏதோ பிரச்னை இருக்கிறது என்று தோன்றியதா?
6. மன அழுத்தம், பதற்றம் உட்பட ஏதாவது உடல்நல, மனநலப் பாதிப்பு வந்ததா?
7. உங்கள் ஆட்டத்தை யாராவது குறை சொன்னார்களா? அவர்கள் சொன்னது சரியென்று நீங்கள் நினைத்தீர்களா என்பது முக்கியமில்லை.
8. உங்களுக்கோ வீட்டுக்கோ பணச்சிக்கல் வந்ததா?
9. ஆடும் விதத்தையோ, ஆடும்போது நடப்பதையோ நினைத்துக் குற்றவுணர்வு வந்ததா?

கூட்டினால் அதிகபட்சம் 27.

இதை ஞாபகத்திலிருந்து நிரப்பாதீர்கள். ஜெயித்த நாள் நன்றாக நினைவில் நிற்கும், தோற்ற நாள்கள் ஒன்றோடொன்று கலந்து மங்கிவிடும். 12 மாத வங்கி ஸ்டேட்மென்ட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்குப் போன ஒவ்வொரு யுபிஐ பரிமாற்றத்தையும் பேனாவால் வட்டமிடுங்கள். திரும்பி வங்கிக்கு வந்த தொகையைத் தனியாகக் கூட்டுங்கள். ஆப்பில் 'ஜெயித்ததாக' காட்டி, அங்கேயே மறுபடி ஆடித் தீர்ந்த பணம் வரவில் சேராது. அப்புறம்தான் கேள்விகளுக்கு வர வேண்டும். இரண்டு எண்களுக்கு நடுவில் தயங்கினால் பெரியதைப் போடுங்கள். இது கேள்வித்தாளில் உள்ள விதி இல்லை, என் வழக்கம். குறைத்துப் போடும் கையைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

ஒரு உதாரணம். அடையாளம் தெரியாதபடி பல விவரங்களை மாற்றியிருக்கிறேன். தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர், வயது முப்பதுகளின் நடுவில், மாதம் 38,000 ரூபாய் சம்பளம். முதல் தடவை தனியாக உட்கார்ந்து நிரப்பினார். இரண்டு, மூன்று, ஏழு, ஒன்பது ஆகிய நான்கு கேள்விகளுக்கும் தலா 1, மற்றதெல்லாம் 0. மொத்தம் 4. அடுத்த வாரம் ஸ்டேட்மென்ட்டோடும் மனைவியோடும் வரச் சொன்னேன்.

முதல் கேள்விக்கு "சம்பளம் வந்ததும் சமாளிச்சிடுவேன்" என்றுதான் 0 போட்டிருந்தார். ஸ்டேட்மென்ட்டில் பார்த்தால், பள்ளிக் கட்டணத்துக்காக எடுத்து வைத்த பணம் இரண்டு தவணையும் ஆட்டத்துக்கே போயிருந்தது. வாடகையும் சில மாதம் தள்ளிப்போயிருந்தது. அதை 2 ஆக்கினார். இரண்டாவதும் 2 ஆனது. 50 ரூபாய் மேசையில் தொடங்கியவர் 1,000 ரூபாய் மேசைக்குக் கீழே இறங்குவதில்லை. மூன்றாவதில் வாதமே தேவைப்படவில்லை. பெரிய தொகை போன ஒவ்வொரு இரவுக்கும் அடுத்த நாள், காலை எட்டு மணிக்குள் இன்னொரு பரிமாற்றம். 3.

நான்காவது கேள்வியில்தான் நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் தப்பிக்கிறார்கள். "விக்கல டாக்டர், அடகுதான் வச்சேன்." அடகும் கடன்தான். சீட்டை முன்கூட்டியே தள்ளி எடுத்தது, சம்பள அட்வான்ஸ், மச்சானிடம் வாங்கிய கைமாற்று, கிரெடிட் கார்டு எல்லாமே கடன்தான். அங்கே 2 வந்தது.

ஐந்தாவதற்குக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு 1 போட்டார். ஆறாவதும் 1, தூக்கம் கெட்டிருந்தது. ஏழாவதில் "அவ எதுக்குமே திட்டுவா" என்றார். கேள்வி, திட்டினார்களா என்பதுதான். 2. எட்டாவதும் 2. ஒன்பதாவது மட்டும் 1 ஆகவே நின்றது. மொத்தம் 16. அதே மனிதர், அதே 12 மாதங்கள்.

சரி, எண் என்ன சொல்கிறது? 0 என்றால் இந்த அளவுகோலில் பிரச்னை தெரியவில்லை. 1, 2 என்றால் குறைந்த ஆபத்து. 3 முதல் 7 வரை நடுத்தர ஆபத்து: சேதம் தொடங்கியிருக்கிறது, இன்னும் கையை மீறவில்லை. ஒருவரிடம் பேசினால் நிறைய மாறக்கூடிய கட்டம் இதுதான். 8 அல்லது அதற்கு மேல் என்றால், கட்டுப்பாடு போய்விட்டிருக்க வாய்ப்பு அதிகம், மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்க வேண்டும். 'மன உறுதி' வைத்து அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

இந்த எண் நோய்க்கணிப்பு ஆகாது. இது முதலில் மக்களிடையே கணக்கெடுப்பு நடத்துவதற்காகச் செய்யப்பட்ட கருவி. 7-க்கும் 8-க்கும் நடுவில் சுவர் எதுவும் கிடையாது. மொத்தத்தைவிட, எந்தக் கேள்வியில் எண் விழுந்தது என்பதை நான் முதலில் பார்ப்பேன். மொத்தம் 2 தான், ஆனால் அந்த இரண்டும் நான்காவது கேள்வியில் வந்தது என்றால், 'குறைந்த ஆபத்து' என்று நான் அவரை வீட்டுக்கு அனுப்பமாட்டேன். அதேபோல, இந்த ஒன்பதில் பொய்யைப் பற்றிய கேள்வியே இல்லை. எவ்வளவு ஆடினீர்கள் என்பதை வேண்டியவர்களிடம் மறைத்துப் பொய் சொன்னீர்களா என்பதையும் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். ஆமாம் என்றால், எண் சின்னதாக இருந்தாலும் வந்து பேசுங்கள்.

இன்னொன்று, எங்கள் தொழிலுக்கு வெளியே பலருக்கும் தெரியாதது. பார்க்கின்சன் நோய்க்கும், சிலருக்குக் கால் குடைச்சலுக்கும் தரும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள் சிலரிடம் சூதாடும் உந்துதலைக் கிளப்பிவிடும். அறுபது வயதுவரை சீட்டைத் தொடாத அப்பா திடீரென்று லாட்டரி சீட்டாக வாங்கிக் குவித்தால், அவரைத் திட்டுவதற்கு முன் மாத்திரைப் பெட்டியைப் பாருங்கள். நீங்களாக நிறுத்தக் கூடாது, எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.

8 அல்லது அதற்கு மேல் வந்தவர்கள் இன்றே செய்ய வேண்டியவை. சம்பளக் கணக்கை வீட்டில் ஒருவர் பொறுப்பில் விடுங்கள், அன்றாடச் செலவுக்கு மட்டும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். யுபிஐயின் தினசரி வரம்பைக் குறையுங்கள். கடன் ஆப்களை நீக்குங்கள், ஆனால் பாக்கியை ஒரு தாளில் முழுதாக எழுதி வைத்துவிட்டு நீக்குங்கள், மறைக்காமல். ஆட்டக் குழுக்களிலிருந்து வெளியே வாருங்கள், டெலிகிராமையும் சேர்த்துத்தான்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். நகையை விற்று மொத்தக் கடனையும் ஒரே நாளில் அடைத்துக் கொடுக்காதீர்கள். பாசத்தில்தான் செய்கிறீர்கள், தெரியும். ஆனால் சிகிச்சை தொடங்குமுன் கடன் காணாமல் போனால், அவருக்குப் புதிதாகக் கடன் வாங்க இடம் கிடைத்துவிடுகிறது. கடன்காரர்களுக்கு நீங்களே நேரடியாக, தவணையாகக் கட்டுங்கள். அவர் கையில் கொடுக்காதீர்கள்.

"நான் இல்லாம போனா எல்லாம் சரியாயிடும்" என்கிற மாதிரி அவர் பேசினால், கேள்வித்தாளைத் தள்ளி வையுங்கள். எண் எதுவாக இருந்தாலும் அவரைத் தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. தமிழ்நாட்டில் 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது. மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

சிகிச்சை தொடங்கிய இரண்டாவது மாதமே சிலர் மறுபடி நிரப்பிப் பார்த்துவிட்டு, எண் குறையவில்லை என்று மனம் உடைந்து வருகிறார்கள். குறையாது, கேள்விகள் 12 மாதத்தைப் பற்றியவை. பழைய மாதங்கள் இன்னும் அந்தக் கணக்குக்குள் இருக்கின்றன. அதுவரை பார்க்க வேண்டியது மாத ஸ்டேட்மென்ட்டில் நீங்கள் வட்டமிடும் எண்ணிக்கையை. அந்த சூப்பர்வைசர் நான்காம் மாதம் கொண்டுவந்த தாளில் இரண்டு வட்டங்கள் இருந்தன. இரண்டும் சம்பளம் வந்த அன்று இரவு. அதனால் சம்பளம் இப்போது நேராக மனைவியின் கணக்குக்குப் போகிறது.